பார்சல் எந்த இடத்தில் தாமதமாகிறது? கூரியர் வாரியாகவும் மாவட்ட வாரியாகவும் டெலிவரி நேரத்தை அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆன்லைனில் பொருள் விற்கும் சின்னக் கடைகளில் வாரம் ஒருமுறையாவது இந்தப் பேச்சு வரும்: "ராமநாதபுரம் பக்கம் அந்தக் கூரியர் ரொம்ப லேட், மாத்திடலாம்." கூரியரை மாற்றுவார்கள். இரண்டு மாதம் கழித்து, புதிய கூரியரைப் பற்றியும் அதே பேச்சு வரும். ஆர்டர் வந்த நேரத்துக்கும் பொருள் கைக்குப் போன நேரத்துக்கும் இடையே ஐந்து பேர் கை மாறுகிறது. நாம் பார்ப்பதோ மொத்த நாள் கணக்கு ஒன்றை மட்டும்தான். ஐந்து பேரில் யாரிடம் தாமதம் தொடங்கியது என்று அந்த ஒற்றை எண் சொல்லாது.

நான் ஈரோடு மாவட்டத்தில் பெட்ஷீட், துண்டு அனுப்பும் ஒரு கடையின் டெஸ்பாட்ச் வேலையைப் பார்க்கிறேன். கையில் இருப்பது ஒரு கூகுள் ஷீட், இரண்டு கூரியர், மாதம் சில நூறு பார்சல். இந்த அளவுக்கு ஏற்ற முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். கீழே வரும் எண்கள் கணக்கு புரிவதற்காக வைத்த மாதிரி எண்கள். கூரியர்களை அ, ஆ என்றே குறிப்பிடுகிறேன்.

முதலில் ஆறு நேரங்கள்

ஒவ்வொரு பார்சலுக்கும் ஆறு நேரங்கள் வேண்டும். ஆர்டர் வந்த நேரம், கூரியரிடம் ஒப்படைத்த நேரம், கூரியரின் முதல் ஸ்கேன், போய்ச் சேரும் ஊரின் ஹப்பில் இறங்கிய நேரம், முதல்முறை டெலிவரிக்கு எடுத்துக்கொண்டு கிளம்பிய நேரம், கையில் கொடுத்த நேரம். ஷீட்டில் `data` என்ற தாளில் நான் வைத்திருக்கும் தலைப்பு வரிசை இது:

```
A order_id | B awb | C pincode | D district | E courier
F ordered | G handed_over | H first_scan
I dest_hub | J first_ofd | K delivered
```

இவற்றில் ஆர்டர் நேரம் கடை மென்பொருளிலிருந்து வரும். H முதல் K வரை உள்ள நான்கும் கூரியரின் டிராக்கிங் ரிப்போர்ட்டிலிருந்து வரும். மாட்டிக்கொள்வது G-யில்தான். பல மென்பொருள்களில் லேபிள் அடித்த உடனேயே "ஷிப்டு" என்று விழுந்துவிடும். லேபிளைக் காலை பத்து மணிக்கு அடித்து ஒட்டிவிட்டு, பெட்டியை மறுநாள் மாலைதான் கொடுத்திருப்போம். அந்த நேரத்தை ஒப்படைப்பு நேரம் என்று எடுத்தால், நம்முடைய ஒன்றரை நாள் தாமதம் கூரியர் தலையில் விழும்.

அதனால் ஒப்படைத்த நேரத்தை நாமே குறிக்க வேண்டும். பிக்கப் எடுக்க வருபவர் அன்றைய பார்சல் பட்டியலான மேனிஃபெஸ்ட் தாளில் கையெழுத்துப் போடும்போது, பக்கத்தில் நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாளை ஒரு போட்டோ எடுத்து வைத்தால் போதும். அன்றைய பார்சல்கள் அத்தனைக்கும் அந்த ஒரே நேரம்தான் G. இந்தப் பழக்கத்தை ஆரம்பிக்காமல் மற்றதை அளந்து பிரயோஜனமில்லை. பிறகு கூரியரோடு பேச உட்காரும்போது நம் கையில் இருக்கும் ஒரே சொந்தச் சாட்சி அந்தத் தாள்தான்.

தேதிகளை நம்புவதற்கு முன்

இரண்டு கூரியர் ரிப்போர்ட்டை ஒரே ஷீட்டில் ஒட்டும்போது மூன்று கோளாறு வரும். மூன்றும் சத்தமில்லாமல் வரும் என்பதுதான் ஆபத்து.

ஒன்று, நாளும் மாதமும் இடம் மாறுவது. 05/07 என்பது ஜூலை 5-ஆ, மே 7-ஆ? ஷீட் அமெரிக்க முறையில் இருந்தால் மே 7 என்று எடுத்துக்கொள்ளும். 18/07 என்று வந்தால் பதினெட்டாவது மாதம் இல்லையே என்று அதைத் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். கண்டுபிடிக்க எளிய வழி: தேதிகள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாகிப் போனவை இடப்பக்கம் நிற்கும். ஒரே பத்தியில் பாதி இடம், பாதி வலம் என்று நின்றால், வலப்பக்கம் நிற்பவையும் தப்பான தேதிகளாக இருக்க வாய்ப்பு அதிகம். `File → Settings → Locale` போய் `India` வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு மாற்றினால் ஏற்கெனவே திரிந்தவை சரியாகாது.

இரண்டு, உலக நேரம். சில ரிப்போர்ட்டுகளில் நேரம் `2025-07-14T18:45:00Z` என்று வரும். கடைசியில் உள்ள Z, இது நம் நேரம் இல்லை என்பதற்கான அடையாளம். ஐந்தரை மணி நேரம் கூட்டினால் அது ஜூலை 15, அதிகாலை 12.15. ஒரு கூரியர் இந்திய நேரத்திலும் இன்னொன்று உலக நேரத்திலும் கொடுத்தால், இரண்டாவதற்கு ஒவ்வொரு பார்சலிலும் ஐந்தரை மணி நேரம் சலுகை கிடைத்துவிடும். முதல் ஸ்கேன் நேரம் ஒப்படைத்த நேரத்துக்கு முன்பே வந்து நின்றால் இதுதான் காரணமாக இருக்கும். மாற்றுவதற்கு:

```
=DATEVALUE(LEFT(A2,10))+TIMEVALUE(MID(A2,12,8))+TIME(5,30,0)
```

மூன்று, ஏ.டபிள்யூ.பி. எண், அதாவது கூரியர் ஒவ்வொரு பார்சலுக்கும் கொடுக்கும் டிராக்கிங் எண். எக்செலில் திறந்தால் நீளமான எண் `1.23E+13` போலச் சுருங்கிவிடும். எக்செல் பதினைந்து இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது, மீதியைச் சுழியாக்கிவிடும். முன்னால் இருக்கும் சுழியும் போய்விடும். அப்புறம் நம் ஆர்டர் பட்டியலையும் கூரியர் ரிப்போர்ட்டையும் அந்த எண்ணை வைத்து இணைக்கவே முடியாது. அந்தப் பத்தியைத் திறக்கும்போதே எழுத்து வடிவமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாவட்டத்தைப் பின்கோடிலிருந்து எடுங்கள், ஊர்ப் பெயரிலிருந்து வேண்டாம்

வாடிக்கையாளர் முகவரியில் "கூடலூர்" என்று எழுதுவார். நீலகிரியில் ஒரு கூடலூர் இருக்கிறது, தேனி மாவட்டத்தில் ஒரு கூடலூர் இருக்கிறது. ஒன்றுக்கு மலை ஏறிப் போக வேண்டும், இன்னொன்று கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிறது. தூத்துக்குடியை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதுவார்கள், திருச்சியை அதைவிட அதிகமாக. ஊர்ப் பெயரை வைத்துப் பிரித்தால் ஒரே மாவட்டம் நான்கு துண்டாகக் கிடக்கும்.

பின்கோடு அப்படியில்லை. ஆனால் முதல் மூன்று இலக்கத்தை மட்டும் வைத்து மாவட்டம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. அந்த மூன்று இலக்கங்கள் தபால் பிரிக்கும் வட்டாரத்தைக் காட்டுகின்றன, வருவாய் மாவட்டத்தை அல்ல. 625-இல் மதுரையும் இருக்கிறது, தேனியும் இருக்கிறது. சேலத்தின் 636-க்குள்தான் தர்மபுரி நகரத்தின் 636701 வருகிறது. அதனால் ஆறு இலக்கத்தையும் வைத்துத் தேட வேண்டும். அஞ்சல் துறையின் அகில இந்தியப் பின்கோடு பட்டியல் data.gov.in தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதிலிருந்து தமிழ்நாட்டு வரிகளை எடுத்து, பின்கோடு A பத்தியிலும் மாவட்டம் B பத்தியிலும் வரும்படி `pin` என்ற தனித் தாளில் வையுங்கள்.

```
=XLOOKUP(VALUE(TRIM(C2)),pin!A:A,pin!B:B,"இல்லை")
```

இதிலும் இரண்டு இடம் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2019-இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் வந்தன, அடுத்து மயிலாடுதுறை. பழைய பட்டியல் கையில் இருந்தால் தென்காசியின் 627811 இன்னும் திருநெல்வேலி என்றே வரும். இன்னொன்று, ஒரே பின்கோடின் கீழ் பல தபால் நிலையங்கள் இருக்கும். எல்லை ஓரத்தில் அவை இரண்டு மாவட்டத்தில் விழுவதும் உண்டு. மேலே உள்ள சூத்திரம் முதலில் கண்ணில் படும் மாவட்டத்தைத்தான் எடுக்கும். பரவாயில்லை, நம் வேலைக்கு அது போதும். ஒரு பின்கோடு எப்போதும் ஒரே மாவட்டத்தின் கீழ் விழுந்தால் சரி.

ஐந்து கட்டமும் அவற்றின் அளவும்

ஆறு நேரங்களுக்கு இடையே ஐந்து இடைவெளிகள். நான் அவற்றுக்கு வைத்திருக்கும் பெயர்கள்: கடை, பிக்கப், வழி, கிளை, வாசல். ஆர்டர் முதல் ஒப்படைப்பு வரை கடை. ஒப்படைப்பு முதல் முதல் ஸ்கேன் வரை பிக்கப். அங்கிருந்து போய்ச் சேரும் ஹப் வரை வழி. ஹப்பில் இறங்கியது முதல் டெலிவரிக்குக் கிளம்பும் வரை கிளை. கிளம்பியது முதல் கையில் கொடுக்கும் வரை வாசல்.

```
L: =IF(COUNT(F2:G2)=2,G2-F2,"")
M: =IF(COUNT(G2:H2)=2,H2-G2,"")
N: =IF(COUNT(H2:I2)=2,I2-H2,"")
O: =IF(COUNT(I2:J2)=2,J2-I2,"")
P: =IF(COUNT(J2:K2)=2,K2-J2,"")
Q: =IF(K2="","",K2-F2)
```

விடை நாள் கணக்கில் வரும். பத்தியின் வடிவத்தை `Number` என்று வையுங்கள், இல்லையென்றால் 1.4 என்பது ஏதோ ஒரு பழைய தேதியாகத் தெரியும்.

இனி முக்கியமான வேலை. நாம் வாடிக்கையாளருக்குச் சொல்லும் கெடு ஐந்து நாள் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஐந்து நாளை ஐந்து கட்டத்துக்கும் பங்கு போட வேண்டும். கடைக்கு 1 நாள், பிக்கப்புக்கு அரை நாள், வழிக்கு 2 நாள், கிளைக்கு 1 நாள், வாசலுக்கு அரை நாள். கூட்டினால் சரியாக ஐந்து வர வேண்டும். இப்படிச் சரியாகப் பங்கிட்டால் ஒரு நன்மை உண்டு: ஒரு பார்சல் ஐந்து நாளைத் தாண்டியிருந்தால், ஏதாவது ஒரு கட்டமாவது தன் பங்கைத் தாண்டியே இருக்க வேண்டும். தப்பிக்க வழியே இல்லை. முதலில் தாண்டிய கட்டம் எதுவோ, அங்கேதான் தாமதம் தொடங்கியது.

```
=IF(K2="","நிலுவை",IF(Q2<=5,"",IFS(
 N(L2)>1,"1-கடை", N(M2)>0.5,"2-பிக்கப்",
 N(N2)>2,"3-வழி", N(O2)>1,"4-கிளை",
 N(P2)>0.5,"5-வாசல்", TRUE,"சரிபார்")))
```

இதை R பத்தியில் போடுங்கள். ஒவ்வொரு எண்ணையும் `N( )` என்று சுற்றியிருப்பது காரணத்தோடுதான். ஒரு ஸ்கேன் விட்டுப்போனால் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். ஷீட்டின் கணக்கில் காலி எழுத்து எந்த எண்ணையும்விடப் பெரியது, அதனால் ஸ்கேன் இல்லாத கட்டம் எல்லாம் தாமதம் என்று பழி சுமக்கும். `N( )` அதைச் சுழியாக்கிவிடும். தாமதமானது உண்மை, ஆனால் எந்தக் கட்டமும் தாண்டவில்லை என்றால் "சரிபார்" என்று விழும். ஒரு கூரியருக்கு இந்தச் "சரிபார்" நிறைய விழுந்தால், அவர்கள் ஹப்பில் இறக்கும்போது ஸ்கேன் செய்யாமல் விடுகிறார்கள் என்று அர்த்தம்.

ஒரு பார்சலை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம்

திங்கள் காலை 9 மணிக்கு ஆர்டர், பரமக்குடிக்கு, கூரியர் அ மூலம். தறிக்காரரிடமிருந்து அந்த நிறம் மறுநாள்தான் வந்தது. செவ்வாய் மாலை 6.30-க்குக் கூரியர் கிளையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். வெளியூர் வண்டி 6 மணிக்கே கிளம்பிவிட்டது. புதன் மாலை 5 மணிக்கு அடுத்த வண்டிக்கு மூட்டை கட்டும்போதுதான் முதல் ஸ்கேன். வெள்ளி காலை 9.30-க்கு ராமநாதபுரம் ஹப். சனி காலை 9-க்கு டெலிவரிக்குக் கிளம்பி, மாலை 3 மணிக்குக் கையில் கொடுத்தார்கள்.

மணிக்கணக்கில் கடை 33.5, பிக்கப் 22.5, வழி 40.5, கிளை 23.5, வாசல் 6. மொத்தம் 126 மணி, அதாவது 5.25 நாள். ஆறு மணி நேரம் தாமதம்.

பங்கோடு ஒப்பிட்டால் கடை ஒன்பதரை மணி நேரம் தாண்டியிருக்கிறது, பிக்கப் பத்தரை மணி நேரம். பெரிய தாண்டலை மட்டும் பார்த்திருந்தால், "வாங்கி வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க ஸ்கேன் செய்யவில்லை" என்று கூரியரிடம் சண்டைக்குப் போயிருப்போம். நடந்தது வேறு. நாம் அரை மணி நேரத்தில் வண்டியைத் தவறவிட்டோம், அந்த அரை மணி அடுத்த கட்டத்தில் கிட்டத்தட்ட ஒரு நாளாக வளர்ந்தது. அதனால்தான் எந்தக் கட்டம் அதிகமாகத் தாண்டியது என்பதைவிட, எந்தக் கட்டம் முதலில் தாண்டியது என்பதை முன்னால் வைக்கிறேன். இரண்டையும் தனித்தனிப் பத்தியில் வைத்துக்கொள்வது நல்லது. முதலில் தாண்டியது கடை, அதிகம் தாண்டியது பிக்கப் என்று ஒரே ஜோடி திரும்பத் திரும்ப வந்தால், ஒப்படைக்கும் மணியை வண்டி கிளம்பும் மணியோடு வைத்துப் பாருங்கள்.

எங்கள் கடையில் இதைப் பார்த்த பிறகுதான் கூரியர் கிளைக்குப் போய், "வெளியூர் வண்டி எத்தனை மணிக்கு?" என்றே கேட்டோம். அத்தனை மாதம் யாருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை.

மாவட்டமும் கூரியரும் சேர்ந்த அட்டவணை

இப்போது மொத்தமாகப் பார்க்கலாம். இடப்பக்கம் மாவட்டங்கள், மேலே கூரியர்கள். கட்டத்துக்குள் சராசரியைப் போடாதீர்கள். பத்துப் பார்சல் மூன்று நாளில் போய், ஒன்று மட்டும் இருபத்தைந்து நாள் தொலைந்து கிடந்து கிடைத்தால், சராசரி ஐந்து நாள் என்று வரும். ஐந்து நாளில் போன பார்சல் ஒன்றுகூடக் கிடையாது. வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுக்கும் இடைநிலை அளவு, வழக்கமான வேகத்தைச் சொல்லும். கூடவே, பத்தில் ஒன்பது பார்சல் எத்தனை நாளுக்குள் போயிற்று என்பதையும் எடுங்கள், அது கடைசி வரிசையில் மாட்டும் வாடிக்கையாளரின் நிலையைச் சொல்லும்.

```
=IFERROR(MEDIAN(FILTER(data!Q:Q,data!D:D=$A2,data!E:E=B$1,data!Q:Q<>"")),"")
=IFERROR(PERCENTILE(FILTER(data!Q:Q,data!D:D=$A2,data!E:E=B$1,data!Q:Q<>""),0.9),"")
```

இடைநிலை மூன்று நாள், பத்தில் ஒன்பதுக்கு எட்டு நாள் என்று இடைவெளி அகலமாக இருக்கும் மாவட்டம்தான் புகார் வரும் மாவட்டம். இரண்டுமே ஐந்து, ஆறு என்று கிட்டத்தில் இருந்தால் அங்கே தூரம்தான் காரணம். அதற்குக் கெடுவை மாற்றிச் சொன்னாலே போதும்.

ஐந்து கட்டத்தின் இடைநிலைகளைக் கூட்டினால் மொத்தத்தின் இடைநிலை வராது, அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கட்டங்களைக் கூட்டி மொத்தம் காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் சராசரியைப் பயன்படுத்துங்கள்.

அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பார்சல் என்ற எண்ணிக்கையையும் பக்கத்திலேயே போடுங்கள். இருபதுக்குக் கீழே இருந்தால் நான் தீர்ப்பு சொல்வதில்லை. பத்துப் பார்சல்தான் இருக்கிறது என்றால், பத்தில் ஒன்பது என்ற கணக்கை ஒரே ஒரு பார்சல் புரட்டிப் போட்டுவிடும். மூன்று மாதத்தைச் சேர்த்துப் பார்க்கலாம், அல்லது ஒரே ஹப்பிலிருந்து போகும் பக்கத்து மாவட்டங்களைச் சேர்க்கலாம்.

இன்னும் போய்ச் சேராதவற்றை விட்டுவிடாதீர்கள்

நான் பார்த்த டெலிவரி அட்டவணைகளில் அதிகம் நடக்கும் தவறு இது. டெலிவரி ஆனவற்றை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவார்கள். ஒரு கூரியரிடம் 40 பார்சல் கொடுத்தோம், 34 போய்ச் சேர்ந்தது, அதில் 31 கெடுவுக்குள். 34-க்கு 31 என்றால் 91 சதவீதம், பிரமாதம். மீதி ஆறும் எங்கோ கிடக்கின்றன, அல்லது திரும்பி வந்துகொண்டிருக்கின்றன. 40-க்கு 31 என்று பார்த்தால் 77.5 சதவீதம்தான். பார்சலைத் தொலைக்கும் கூரியர் முதல் கணக்கில் நல்ல பெயர் வாங்கிவிடும்.

அதனால் டெலிவரி தேதியை வைத்து மாதம் பிரிக்காமல், ஆர்டர் தேதியை வைத்துப் பிரியுங்கள். ஆர்டர் வந்து பதினைந்து நாளாவது ஆன பார்சல்களை மட்டும் எடுங்கள். அதில் இன்னும் சேராதவை, ஆர்.டி.ஓ. ஆகி, அதாவது டெலிவரி ஆகாமல் நம்மிடமே திரும்பியவை எல்லாவற்றுக்கும் Q-வில் 99 என்று போட்டுவிடுங்கள். சராசரி என்றால் இது கணக்கையே கெடுத்துவிடும். இடைநிலைக்கு ஒன்றும் ஆகாது, "மிக நீண்ட நாள்" என்ற வரிசையில் போய் நிற்கும், அவ்வளவுதான். பத்தில் ஒன்பது கணக்கில் 99 வந்தால், பத்தில் ஒரு பார்சலாவது போய்ச் சேரவேயில்லை என்று உடனே தெரிந்துவிடும். நாம் அனுப்பும் முன்பே வாடிக்கையாளர் ரத்து செய்தவற்றை மட்டும் நீக்கிவிடுங்கள்.

எந்தக் கூரியர் வேகம்? மாவட்டத்துக்குள் ஒப்பிடுங்கள்

அ-விடம் 100 பார்சல், ஆ-விடம் 100 பார்சல். அ-வின் சராசரி 2.54 நாள், ஆ-வின் சராசரி 4.32 நாள். ஆ-வை நிறுத்திவிடலாமா?

உள்ளே பாருங்கள். அ எடுத்துப் போனதில் 90 கோயம்புத்தூருக்கு, சராசரி 2.2 நாள். 10 ராமநாதபுரத்துக்கு, 5.6 நாள். ஆ எடுத்துப் போனதில் 20-தான் கோயம்புத்தூருக்கு, 2.0 நாள். 80 ராமநாதபுரத்துக்கு, 4.9 நாள். இரண்டு மாவட்டத்திலும் ஆ-தான் வேகம். தூரத்துப் பார்சலை எல்லாம் அதன் தலையில் கட்டியதால் மொத்தக் கணக்கில் பின்னால் நிற்கிறது. (கூட்டுவதற்கு வசதியாக இங்கே சராசரியை எடுத்தேன், இடைநிலையிலும் இதே வேடிக்கை நடக்கும்.) பல கடைகளில், அ போகாத பின்கோடெல்லாம் தானாக ஆ-வுக்குப் போகும்படி வைத்திருப்பார்கள். அங்கே மொத்தக் கணக்கைப் பார்த்துக் கூரியரை மாற்றினால், நல்ல ஆளை அனுப்பிவிட்டு மெதுவான ஆளிடம் ராமநாதபுரத்தைக் கொடுத்துவிடுவோம்.

சரி, ஆ வேகம்தான். ஆனாலும் ராமநாதபுரத்தில் அதன் 80 பார்சலில் 26 கெடுவைத் தாண்டியிருக்கின்றன. எங்கே தொடங்கியது? R பத்தியை எண்ணிப் பார்த்தால்: கடை 4, பிக்கப் 3, வழி 2, கிளை 15, வாசல் 2. ஈரோட்டிலிருந்து ராமநாதபுரம் வரை போகும் நீண்ட வழியில் சிக்கல் இல்லை. போய் இறங்கிய பிறகுதான் நிற்கிறது.

இந்த இடத்தில் மாவட்டத்தை விட்டுவிட்டுப் பின்கோடுக்கு இறங்க வேண்டும். அந்த 15-இல் 9 பரமக்குடியின் 623707, 4 ராமேஸ்வரத்தின் 623526, 2 ராமநாதபுரம் நகரத்தின் 623501. அனுப்பியவை முறையே 18, 14, 30. பரமக்குடிக்குப் பாதிக்குப் பாதி கிளையில் நிற்கிறது, நகரத்தில் முப்பதுக்கு இரண்டுதான். ராமேஸ்வரம் பாம்பனுக்கு அப்பால் தீவில் இருக்கிறது, அங்கே தாமதம் என்றால் மனது ஏற்கும். பரமக்குடியோ மதுரையிலிருந்து ராமநாதபுரம் போகும் சாலையிலேயே இருக்கும் ஊர். பார்சல் அந்த ஊரைத் தாண்டிப் போய், ராமநாதபுரத்தில் இறங்கி, திரும்பி வருகிறது.

அந்த 18 பார்சலும் ஹப்பில் இறங்கிய கிழமையையும் டெலிவரிக்குக் கிளம்பிய கிழமையையும் பக்கத்தில் எழுதுங்கள்:

```
=TEXT(I2,"ddd hh:mm")    =TEXT(J2,"ddd hh:mm")
```

கிளம்பிய நாள் எல்லாமே திங்கள், புதன், வெள்ளி. ஒரு செவ்வாய்கூட இல்லை. செவ்வாய், வியாழன் இறங்கியவை மறுநாள் காலையே கிளம்பிவிட்டன. திங்கள், புதன் காலை பத்து மணிக்கு மேல் இறங்கியவை இரண்டு நாள் நின்றன. வெள்ளி இறங்கியவை திங்கள் வரை நின்றன. கிளையிலிருந்து பரமக்குடிக்கு வண்டி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போகிறது, அதுவும் அன்றைய லோடு வந்து இறங்குவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறது. இதை எந்த டிராக்கிங் பக்கமும் சொல்லாது, பதினெட்டு வரிகளின் கிழமை சொல்லிவிடும்.

வாசல் கட்டத்தில் ஒரு எச்சரிக்கை

"வாடிக்கையாளர் இல்லை" என்று வரும் பதிவை அப்படியே நம்பக் கூடாது, அப்படியே சந்தேகப்படவும் கூடாது. பகலில் வீடு பூட்டியிருப்பது சகஜம். ஆனால் அந்தப் பதிவுகளின் நேரத்தை வரிசைப்படுத்திப் பாருங்கள். வெவ்வேறு தெருக்களில் உள்ள எட்டுப் பார்சலுக்கும் இரவு 7.52, 7.52, 7.53 என்று விழுந்திருந்தால், யாரும் எட்டு வீட்டுக்கு ஒரு நிமிடத்தில் போயிருக்க முடியாது. அன்றைய பட்டியலை மூடுவதற்காகப் போட்ட பதிவு அது. அப்படிப்பட்டவற்றில் முதல் முயற்சி நேரத்தை அழித்துவிட்டு, அடுத்த உண்மையான முயற்சியை J-யில் போடுகிறேன். அப்போது அந்தத் தாமதம் வாசலிலிருந்து கிளைக்கு நகரும், அதுதான் சரி.

கூரியர் காட்டும் "எதிர்பார்க்கும் தேதி"யையும் கெடுவாக எடுக்காதீர்கள். பார்சல் தாமதமாக ஆக, அந்தத் தேதியும் தள்ளிக்கொண்டே போகும். கடைசியில் எல்லாமே குறித்த நாளில் போனதாகத் தெரியும்.

கண்டுபிடித்த பிறகு

கூரியரின் ஆளிடம் பேசும்போது "ராமநாதபுரம் லேட்" என்றால் "பார்க்கிறோம் சார்" என்பதோடு முடிந்துவிடும். 623707, ஒன்பது ஏ.டபிள்யூ.பி. எண், ஒவ்வொன்றும் ஹப்பில் இறங்கிய நேரம், கிளம்பிய நேரம் என்று ஒரு பக்கத் தாளாகக் கொடுங்கள். கேள்வி ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: பரமக்குடி வண்டி காலை லோடு இறங்கிய பிறகு கிளம்ப முடியுமா? இப்படிக் கேட்டால் கிளையில் இருப்பவரால் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியும்.

இல்லை என்றால், அந்தப் பின்கோடை மட்டும் அ-வுக்கு மாற்றிப் பார்க்கலாம். மாவட்டம் முழுவதையும் மாற்ற வேண்டாம், நகரத்துக்கு ஆ நன்றாகவே போகிறது. மாற்றுவதையும் ஒரேயடியாகச் செய்யாமல், ஒற்றைப்படை ஆர்டர் அ-வுக்கு, இரட்டைப்படை ஆர்டர் ஆ-வுக்கு என்று பாதிப் பாதி கொடுங்கள்.

```
=IF(ISODD(A2),"அ","ஆ")
```

இப்படிப் பிரித்தால் இரண்டு பேருக்கும் ஒரே ஊர், ஒரே வாரம், ஒரே மழை. பொங்கல், தீபாவளி நெரிசல் நடுவே வந்தாலும் இருவருக்கும் சமமாகவே வரும். பரமக்குடி போன்ற ஒரு பின்கோடுக்கு மூன்று மாதத்தில் பதினெட்டுப் பார்சல்தான் போகிறது என்றால், ஒரு மாதத்தில் முடிவு கிடைக்காது. ஆளுக்கு இருபது சேரும் வரை பொறுக்க வேண்டும், அது அரை ஆண்டுக்கு மேல் ஆனாலும். அதுவரை, அந்தப் பின்கோடை அடித்ததும் கடைப் பக்கத்தில் ஐந்து நாளுக்குப் பதில் ஏழு நாள் என்று காட்டும்படி வைத்துவிடுங்கள்.

கடை என்று விழுந்த அந்த நான்கையும் மறக்க வேண்டாம். அவற்றின் ஆர்டர் எண்ணை எடுத்து என்ன பொருள் என்று பாருங்கள். எங்களிடம் இந்தப் பட்டியலில் அடிக்கடி வருவது கிங் சைஸ் பெட்ஷீட். இருப்பு இல்லாமலே ஆர்டர் எடுத்துவிட்டு, தறியிலிருந்து வரும்வரை காத்திருந்திருக்கிறோம். அந்த வரிகளை எந்தக் கூரியரை மாற்றியும் சரிசெய்ய முடியாது. அந்த அளவை மட்டும் இருப்பு இருந்தால்தான் ஆர்டர் எடுப்பது என்று மாற்றி வைத்திருக்கிறோம்.